ஒன்பது சேதி, எட்டு அட்டை

மயிலின் கழுத்து பச்சையாகிப்போய் ஆயிரத்து எண்ணூறு தாள் ஓடிய பிறகுதான் யோபு கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். பூச்சட்டி வெடிப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் அது. சிவப்பு மை தொட்டியில் சுருண்டு நின்றுகொண்டு ரோலரைத் தொடாமலே இருந்திருக்கிறது. சிவப்பு இறங்காவிட்டால் நீலம் எங்கே நிற்கும்? இருபத்திரண்டு வருஷம் ஆப்செட் மிஷினில் நின்ற மனுஷன், ஒரு கிளியை அச்சடித்து அடுக்கி வைத்திருந்தார்.

மிஷினை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேற்பார்வை பார்க்கிற சிவபாண்டி பக்கத்தில் வந்து நின்றான். யோபுவைவிடப் பத்து வயது இளையவன். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அண்ணே, மயிலுக்குச் சீக்கு வந்துருச்சா?" என்றான்.

யோபு அந்தத் தாளைக் கசக்கி ஓரம் எறிந்தார். சட்டைப் பையில் கைப்பேசி மறுபடியும் உறுமியது. எடுத்துத் தரையில் அடிக்கலாமா என்று இருந்தது.

அந்தக் கைப்பேசி அப்படி உறும ஆரம்பித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. திருத்தங்கலில் அவர் வேலை பார்க்கும் அச்சகத்தின் முதலாளி, அந்த நாலு கலர் மிஷினை விற்றுவிட்டார். வாங்கியவர் பொங்கல் முடிந்ததும் கழற்றி எடுத்துப்போவதாகப் பேச்சு. காலண்டர் சீசன் வரைக்கும் ஓட்டம் இருக்கிறது, அதற்குப் பிறகு இங்கே மிஷினும் இல்லை, மிஷின்காரரும் இல்லை. யோபுவுக்கு நாற்பத்து நாலு வயது. சித்திரை வந்தால் நாற்பத்தைந்து. வெளிநாட்டுக் கம்பெனிகள் பெரும்பாலும் நாற்பத்தைந்தைத் தாண்டினால் பயோடேட்டாவைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று ஊரில் போய்வந்தவர்கள் சொன்னார்கள். உள்ளூர் அச்சகங்களிலோ அதே மிஷினுக்கு இருபத்தைந்து வயசுக்காரன் பாதிச் சம்பளத்துக்கு நிற்கிறான். ஆகப் பொங்கலுக்குள் ஒரு வேலை அமைய வேண்டும். விஷயம் அவ்வளவுதான், அதில் வளைவு நெளிவு ஒன்றும் கிடையாது.

அவருடைய மனைவி கனகமணி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர்தான் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, கணவருக்கு ஒரு பயோடேட்டா தயார் பண்ணி, வேலை தேடுகிற இரண்டு தளங்களில் ஏற்றிவிட்டார். ஏற்றிய மறுநாளே சேதி வர ஆரம்பித்தது. யோபுவுக்கு முதலில் சந்தோஷம்தான். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு, பத்து என்று ஆள் எடுக்கிறவர்கள் எழுதினார்கள். 'டியர் கேண்டிடேட்', 'உங்கள் திறமைக்கு ஏற்ற வாய்ப்பு', 'அவசரம், உடனே பதில்'. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு, தன்னை இத்தனை பேர் கூப்பிடுவது பெரிய காரியமாகப் பட்டது. எழுதியவனுக்குப் பதில் எழுதாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒற்றை விரலால் குத்திக் குத்தி முழு விவரமும் எழுதினார். எந்த மிஷின், எத்தனை வருஷம், என்னென்ன வேலை, குடும்பம் எப்படி, எல்லாம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போனது. பிறகு வேலை நேரமும் போக ஆரம்பித்தது.

அப்படி எழுதிய இருநூறு முன்னூறு பதில்களில் முக்கால்வாசிக்கு மறுபேச்சே வரவில்லை. சிலர் டீ சர்ட்டில் படம் அச்சடிக்கிற வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்கள். ஒருவன், எழுதியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, நீங்கள் கார் ஓட்டுவீர்களா என்றான்.

இதில் ஒன்றே ஒன்று உருப்படியாக வந்தது. அதையும் அவரே கெடுத்தார்.

கென்யாவில் ஒரு பெரிய அச்சகம். அவர் ஓட்டுகிற அதே மிஷின், இரண்டு வருஷ ஒப்பந்தம், தங்க இடம். ஒரே வாரத்தில் மூன்று ஏஜென்சிக்காரர்கள் அந்த வேலையைச் சொல்லி எழுதினார்கள். மூன்றும் ஒரே வேலைதான் என்பது யோபுவுக்குத் தெரியும். தெரிந்தேதான் மூன்று பேருக்கும் சரி என்றார். அவர் போட்ட கணக்கு நம் ஊர்க் கணக்கு. காலண்டர் சீசனில் முதலாளி என்ன செய்கிறார்? சாம்பிள் ஆல்பத்தை எத்தனை புரோக்கர்களுக்குக் கொடுக்க முடியுமோ அத்தனை பேருக்கும் கொடுக்கிறார். எவன் முதலில் ஆர்டர் கொண்டுவருகிறானோ அவனுக்குக் கமிஷன். பத்து பேர் சுற்றினால் பத்து மடங்கு ஆர்டர். தன் பயோடேட்டாவையும் அப்படியே மூன்று பேர் கையில் கொடுத்துவிட்டு, மூன்று மடங்கு வாய்ப்பு என்று நிம்மதியாகத் தூங்கினார்.

பத்து நாள் கழித்து அந்த மூவரில் ஒரு பெண்மணி சென்னையிலிருந்து கூப்பிட்டுக் கிழித்து எடுத்துவிட்டார். ஒரே ஆள் பேர் மூன்று வழியாக வந்து விழுந்தால் கம்பெனி என்ன செய்யும்? யாருக்குக் கூலி கொடுப்பது என்று தகராறு வரும். அந்தத் தகராறு எதற்கு என்று அந்த ஆளையே எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். வைத்துவிட்டார்கள்.

"ஒருத்தருக்குச் சரின்னு சொன்னா அடுத்தவருக்கு இல்லைன்னு சொல்லணும் சார். அதுகூடத் தெரியாம எதுக்கு எங்க நேரத்தையும் வீணாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

அந்தப் பேச்சைக் கேட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது, மயில் கிளியானபோது. கெட்டுப்போன தாள்களை இரண்டு பேராகத் தூக்கி ஓரம் போட்டார்கள். சிவபாண்டி மிஷின் பக்கத்துக் கிளிப்பில் தொங்கிய ஜாப் கார்டை உருவி யோபுவின் மூக்குக்கு முன்னால் ஆட்டினான். எந்தப் பார்ட்டி, என்ன அளவு, என்ன காகிதம், எத்தனை கலர், எத்தனை தாள், எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும் மஞ்சள் அட்டை அது.

"இதுல ஒரு கட்டம் காலியா இருந்தா நீங்க பிளேட்டு போட விடுவீகளா? போன மாசம் காகித கனம் எழுதலன்னு, மேல ஆபீசுல பாத்து எழுதிட்டு வரச் சொல்லி மொதலாளியையே மாடிப்படி ஏற விட்டீக. ஆனா எவனோ பேரு தெரியாதவன் ஒருத்தன் போன்ல வேலைன்னு எழுதுனா, அளவு கேக்க மாட்டீக, தேதி கேக்க மாட்டீக, லோடு லோடா தாளை ஓட்டித் தள்ளுறீக. என்ன நியாயம்ணே இது?"

யோபுவுக்குக் கோபம் வந்தது. அதிலே பாதி தன்மேல்தான். ஆனாலும் சொன்னவன் சரியாகத்தான் சொன்னான் என்று உறைத்தது. சாயங்காலம் கிளம்பும்போது, எழுதாத ஜாப் கார்டுக் கட்டு ஒன்றைச் சிவபாண்டியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அந்த அட்டையின் பின்பக்கத்தில் கனகமணியை உட்காரவைத்துக் கட்டம் போடச் சொன்னார். என்னென்ன கட்டம் என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஆறு நின்றது. கம்பெனி பேரும் ஊரும். என்ன மிஷின், எத்தனை கலர், என்ன சரக்கு அச்சடிக்கிறார்கள். சம்பளம், சாப்பாடு, தங்கும் இடம், எத்தனை வருஷம். எழுதுகிறவன் யார், அவனுக்கு அலுவலகம் உண்டா, வெளிநாடு என்றால் அரசாங்கத்துப் பதிவு எண் உண்டா. எந்தத் தேதிக்குள் ஆள் வேண்டும். கடைசிக் கட்டம் கனகமணி சேர்த்தது: என் பயோடேட்டாவைப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறானா, இல்லை ஊருக்கெல்லாம் ஒரே கடிதமா.

"அதெப்படித் தெரியும்?" என்றார் யோபு.

"பிள்ளைக பரீட்சைப் பேப்பர்ல காப்பி அடிச்சது எனக்கு எப்படித் தெரியுது? உங்க மிஷின் பேரையோ, வருசத்தையோ, அட்டைப்பெட்டி வேலை பாத்திருக்கீகன்னோ ஒரு வார்த்தை இருந்தா படிச்சிருக்கான். டியர் கேண்டிடேட்டுன்னு மட்டும் இருந்தா படிக்கல."

அதன்பிறகு சட்டம் போட்டார்கள். சேதி வந்த மாத்திரத்தில் பதில் கிடையாது. பகலெல்லாம் கைப்பேசி சாப்பாட்டுத் தூக்கோடு அலமாரிக்குள் இருக்கும். மத்தியானம் ஒரு தரம் திறந்து, இன்றைக்கே கெடு என்று ஏதாவது உண்டா என்று மட்டும் பார்க்கிறது. மற்றதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு, அன்றைய சேதி அத்தனையும் ஒன்றாக. சேதிக்கு ஓர் அட்டை இல்லை, வேலைக்கு ஓர் அட்டை. ஒரே வேலையை இரண்டு பேர் சொன்னால் ஒரே அட்டையில் இரண்டு பேர் பெயரும். முன்பணம் கேட்டாலோ, அசல் பாஸ்போர்ட்டை அனுப்பு என்றாலோ மற்றக் கட்டம் என்ன சொன்னாலும் குறுக்கே கோடு. இரண்டு கட்டத்துக்கு மேல் காலி என்றால், காலியானதைக் கேட்டு இரண்டே வரி. அவன் நிரப்பிக் கொடுத்தால் மறுநாள் அட்டைக்கட்டில் அது மேலே ஏறும். கொடுக்காவிட்டால் கிடக்கட்டும். முழுசாக நிரம்பிய அட்டைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. ஒரு நாளைக்கு விரிவான பதில் அதிகபட்சம் இரண்டு.

முதல் வாரம் ஒரு அட்டைகூட நிரம்பவில்லை. கேட்ட இரண்டு வரிக்கு ஐந்து பேரில் ஒருவன் பதில் சொன்னான், அதுவும் 'முதலில் சரி என்று சொல்லுங்கள்' என்று. யோபு பொருமினார். ஆறு வாரமாக இப்படிப்பட்டவர்களுக்குத்தானா பக்கம் பக்கமாக எழுதினோம் என்று கனகமணியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதற்கு நடுவில் கனகமணியின் அண்ணன் சாலமன்ராஜ் வந்தார். சாத்தூரில் செருப்புக் கடை வைத்திருக்கிறவர். யோசனை சொல்வதற்கென்றே பிறந்தவர். தான் ஜெபக்கூட்டத்தில் சந்தித்த ஓர் அருமையான சகோதரர், கத்தாரில் ஆள் எடுத்துக் கொடுக்கிறார், அவரிடம் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், எழுதினால் மாப்பிள்ளை முதல் வேலையாகப் பதில் போட வேண்டும் என்று சொல்லி, இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது சேதி வந்திருந்தது.

ஆறு மணிக்குப் பாயை விரித்துக் கனகமணி வாசிக்க, யோபு அட்டையில் எழுதினார். முதல் சேதி சாலமன்ராஜ் சொன்ன ஜெபக்கூட்டத்துச் சகோதரருடையது. அழகான கடிதத்தாள், மேலே வேத வசனம், 'அன்பான யோபு அண்ணனுக்கு' என்று பேர் சொல்லி ஆரம்பம். சம்பளம் எல்லாவற்றிலும் பெரிசு. கம்பெனி பெயர் இல்லை. மிஷின் பெயர் இல்லை. பதிவு எண் இல்லை. விசாவுக்கு வரிசை பிடித்து வைக்க இந்த வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தைந்தாயிரம். யோபு பேனாவை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். கனகமணி ஒரு நிமிஷம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

"பேரைச் சொல்லிக் கூப்புட்டுருக்காரே," என்றார் மெதுவாக.

"உங்க அண்ணன் குடுத்த பேரு. பயோடேட்டாவுல இருந்து எடுத்தது ஒண்ணும் இல்ல."

இன்னொன்று திருப்பூரில் பனியனில் அச்சடிக்கிற வேலை. இன்னொன்று குஜராத்தில் பிளாஸ்டிக் பை அச்சடிக்கிற வேறு ரக மிஷின், அதை அவர் தொட்டதே இல்லை. இரண்டுக்கும் 'இது என் வேலை இல்லை, நன்றி' என்று ஒரே வரி. அடுத்த மூன்றும் பாதிக்கு மேல் காலி. கேள்வி இரண்டு வரி.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பெட்டிக் கம்பெனி நேரடியாக எழுதியிருந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியது. மிஷின் சரி. சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் கூட. தங்க இடம் கிடையாது. அந்த ஊரில் வாடகை கொடுத்தால் மிச்சம் இருக்காது. ஆனாலும் நிரம்பிய அட்டை. ஓரமாக வைத்தார்.

மீதி இரண்டு சேதியும் மஸ்கட் பக்கத்து வேலை. ஒன்று மதுரையிலிருந்து இசைவாணி என்ற பெண் எழுதியது. தமிழில் நாலு பிழை. கம்பெனி பெயர், மருந்து அட்டைப்பெட்டி அச்சடிக்கிற ஐந்து கலர் மிஷின், மேலே வார்னிஷ் பூசுகிற யூனிட், தாள் அளவு இருபத்தெட்டுக்கு நாற்பது, சம்பளம் இருநூற்று எண்பது ரியால், தங்க இடம், இரண்டு வருஷம், பதிவு எண், இருபதாம் தேதிக்குள் பேர் போக வேண்டும். 'நீங்கள் ஒன்பது வருடம் அட்டைப்பெட்டி ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள், வார்னிஷ் யூனிட் பழக்கம் உண்டா' என்று ஒரு கேள்வி. இன்னொன்றை மும்பையிலிருந்து ஒருவர் அனுப்பியிருந்தார். 'ஓமனில் பிரபல நிறுவனம்'. சம்பளம் முன்னூற்று ஐம்பது. பதிவு எண் கிடையாது.

யோபு இரண்டாவதற்குப் புது அட்டை எடுக்கப் போனார். எடுத்த கையை அப்படியே நிறுத்தினார். இதிலும் அதே விவரம். ஐந்து கலர். வார்னிஷ் யூனிட். இருபத்தெட்டுக்கு நாற்பது. மருந்துப் பெட்டி. இருபதாம் தேதி.

"இது ரெண்டும் ஒரே வேலை," என்றார். ஒன்பது சேதிக்கு எட்டு அட்டைதான் ஆயிற்று.

கனகமணி எழுபது ரியாலை விட மனசில்லாமல் இருந்தார். ஒரே வேலை என்றால் கூடக் கொடுக்கிறவன் வழியாகப் போனால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"ஒரே கம்பெனி ஒரே நாக்காலிக்கு ரெண்டு சம்பளம் வச்சிருக்குமா கனகம்? அந்த எழுவது கம்பெனி குடுக்குறதில்ல. இவன் வாயி குடுக்குது. அங்கன போயி எறங்குனப்பறம் யாரப் போயிக் கேப்ப? இந்தப் புள்ள கம்பெனி பேரச் சொல்லிருக்கு, நம்பரு குடுத்துருக்கு, என்னையக் கேள்வி கேட்டுருக்கு."

பதிவு எண்ணைக் கனகமணி அரசாங்கத் தளத்தில் போட்டுப் பார்த்தார். அந்தப் பெயரில், அந்த விலாசத்தில், இன்னும் நடப்பில் இருந்தது. பிறகு இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூருக்குக் கெடு அடுத்த மாசம். மஸ்கட்டுக்கு இன்னும் ஐந்து நாள். இங்கே வாடகை தின்னும், அங்கே தங்க இடம் உண்டு. முதல் பதில் மஸ்கட்டுக்கு என்று முடிவானது. பெட்டிக் கம்பெனிக்கு மறுநாள்.

இசைவாணிக்கு எழுதிய பதில்தான் விரிவான பதில். முன்னே எழுதியதைப்போலக் குடும்பக் கதை இல்லை. கேட்ட கேள்விக்கு முதல் வரியில் விடை: வார்னிஷ் யூனிட் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். பிறகு என்னென்ன மிஷின், என்ன கனத்து அட்டை வரைக்கும் ஓட்டியிருக்கிறேன், ஒரு வேலை மாற்றி அடுத்த வேலை ஏற்ற எவ்வளவு நேரம் எடுக்கும், பாஸ்போர்ட் எந்த வருஷம் வரை செல்லும், ஒரு மாச நோட்டீசில் வர முடியும், ஆறு மணிக்கு மேல் பேசலாம். கடைசியில் அவருடைய இரண்டு கேள்வி: ஒப்பந்தம் தமிழிலோ ஆங்கிலத்திலோ முன்னாலேயே கையில் கிடைக்குமா, உங்களுக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு, எப்போது. அதற்கும் கீழே, 'இந்த வேலைக்கு உங்கள் வழியாக மட்டும் என் பேரை அனுப்பச் சம்மதிக்கிறேன்' என்று தேதி போட்டு.

அனுப்பிய கையோடு மும்பைக்காரருக்கும் இரண்டு வரி எழுதச் சொன்னார். இந்த வேலைக்கு வேறு ஏஜென்சி வழியாகப் போயிருக்கிறேன், என் பேரை நீங்கள் அனுப்ப வேண்டாம், நன்றி.

"பதில் போடாம விட்டாலே அவருக்குப் புரியுமே," என்றார் கனகமணி.

"கென்யாவுக்குப் புரிஞ்ச மாதிரியா?" என்றார் யோபு.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நரக வேதனை. புதன் போயிற்று. இசைவாணி 'கிடைத்தது, கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்' என்று சொன்னதோடு சரி. வியாழக்கிழமை சாலமன்ராஜ் போனில் வந்தார். சகோதரருக்கு ஏன் பதில் போகவில்லை, என் பேர் என்ன ஆவது, வெள்ளிக்கிழமை வரிசை போய்விடுமே என்று அரை மணி நேரம். யோபு பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்பெனி பேரும் பதிவு எண்ணும் கேளுங்கள் மச்சான், கொடுத்தால் அன்றைக்கே பதில் போடுகிறேன் என்றார்.

"தேவனுடைய பிள்ளைகிட்ட நம்பர் கேக்கச் சொல்றியா மாப்ள?"

"விசாவுக்குத் தேவன் கையெழுத்துப் போட மாட்டாரு மச்சான்."

சாலமன்ராஜ் அதற்குப் பிறகு தங்கையிடம் மட்டும்தான் பேசினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கைப்பேசியைத் திறந்த அரை மணிக்குள் மும்பைக்காரர் நாலு தடவை கூப்பிட்டார். சம்பளம் முன்னூற்று எழுபதாக ஏறியிருந்தது. சும்மா சரி என்று ஒரு வார்த்தை சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். யோபு மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, சொல்லிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தார். பொங்கல் வருகிறது. மதுரைக்காரியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு வார்த்தைதானே. அன்றைக்கு மிஷினில் காலண்டர் முதல் லோடு ஏறியிருந்தது, கிளிப்பில் மஞ்சள் அட்டை தொங்கியது. வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகு நாள் முழுக்க யார் மேலாவது எரிந்து விழுந்துகொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கைப்பேசியைத் திறந்தபோது இசைவாணியிடமிருந்து மூன்று அழைப்பு. சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் குரலில் சூடு இருந்தது.

"சார், உங்க பயோடேட்டா கம்பெனிக்கு வேற ஒருத்தர் வழியாவும் வந்திருக்கு. மும்பைலருந்து. நேத்து சாயங்காலம். உங்களுக்கு ரெண்டு ஏஜென்சி கமிஷன் கேக்குதுன்னு நிறுத்தி வச்சிட்டாங்க. ஏன் சார் இப்படிப் பண்றீங்க?"

 யோபு வேண்டாம் என்று சொல்லியும், பயோடேட்டாவைத் தளத்திலிருந்து எடுத்து மும்பைக்காரர் தானாகவே அனுப்பியிருக்கிறார். கென்யா மறுபடியும். அவர் ஒரு தப்பும் செய்யாமலே மறுபடியும். வாயைத் திறந்து என்னவோ கத்தப் போனவர், அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, நான் அவருகிட்ட வேண்டாம்னு எளுதுனது செவ்வாக்கிளம சாயங்காலம். தேதி, மணி எல்லாம் போன்ல இருக்கு. அதப் படம் எடுத்து அனுப்புனா கம்பெனில காட்டுவீகளா?"

 "எழுத்துல இருக்கா?" என்றாள் இசைவாணி. குரலே மாறிவிட்டது. "இருந்தா உடனே அனுப்புங்க. உங்க சம்மதம் எனக்கு வந்ததும் செவ்வாக்கிழமைதான். ரெண்டையும் சேத்து வைக்கிறேன்."

அவருக்கு அந்தப் படம் எடுக்கத் தெரியவில்லை. சிவபாண்டிதான் எடுத்து அனுப்பிக் கொடுத்தான். இரண்டு வரி. அதற்குக் கீழே பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீலமாத்தான் இருக்குண்ணே," என்றான். யோபு சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். பேசியவர் மலையாளி, உற்பத்தி மேலாளர், தமிழ் பேசினார். எடுத்த எடுப்பில் ஒரே கேள்வி. பெட்டி முழுக்கக் கறுப்பு அடர்த்தியாக வருகிறது, அடுக்கினால் மேல் தாளின் பின்னால் மை ஒட்டுகிறது, என்ன செய்வீர்கள்? இரண்டு மாசமாக அத்தனை பேர் எழுதியதில், இசைவாணியை விட்டால், யோபுவை மிஷின்காரராக நினைத்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். மை கனத்தைக் குறைப்பேன், தாளுக்குத் தாள் ஒட்டாமல் தூவுகிற பவுடரைக் கொஞ்சம் கூட்டுவேன், அடுக்கை உயரமாக ஏற்றாமல் சின்னச் சின்னதாக இறக்கிவைப்பேன், அவசரப்பட்டு அடுத்த வேலைக்கு எடுக்க விடமாட்டேன் என்றார். இருபது நிமிஷம் பேசினார்கள். பாதியில் சாலமன்ராஜ் வந்து வாசலில் நின்று, கனகமணி கையைக் காட்டியதும் வெளியிலேயே உட்கார்ந்தார்.

ஒப்பந்தம் பதினொரு நாள் கழித்து வந்தது. இருநூற்று எண்பது. முதல் மூன்று மாசம் இரண்டாம் ஆளாக, சரியாக இருந்தால் அப்புறம் மிஷின் கைக்கு வரும். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டாம் ஆளா என்று யோபு அரை நாள் முணுமுணுத்தார். ஏஜென்சிக் கட்டணம் அரசாங்கம் சொன்ன வரம்புக்குள், விசா வந்த பிறகு, ரசீதோடு என்றும் எழுதியிருந்தது. கனகமணி ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். யோபு அந்த ஆறு கட்டத்து அட்டையை எடுத்து வரிக்கு வரி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிக்கு, வேறு இடம் அமைந்துவிட்டது என்று இரண்டு வரி போயிற்று.

பயோடேட்டாவைத் தளத்திலிருந்து எடுத்தாயிற்று. ஆனாலும் சேதி நிற்கவில்லை. நேற்று ஏழு வந்தது. அதில் ஒன்று மும்பைக்காரர், சம்பளம் நானூறு. யோபு வாசித்துவிட்டுக் கைப்பேசியைச் சாப்பாட்டுத் தூக்கோடு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மிஷினில் அடுத்த லோடு ஏறிக்கொண்டிருந்தது. கிளிப்பில் தொங்கிய அட்டையில் காகித கனம் எழுதப்படவில்லை. சிவபாண்டியைக் கூப்பிட்டு மாடிப்படி ஏறச் சொன்னார்.